அந்த நீலம் எந்த நீலம்?

படிவம் 4 வேதியியலில் உப்புகளைச் சோதிக்கும் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஈய அயனி இருக்கிறதா என்று பார்க்க, கரைசலில் பொட்டாசியம் அயோடைடைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு திரண்டு வரும். மலாய் மொழியில் பிளம்பம் என்று எழுதி, மதிப்பெண் வாங்கி, எஸ்.பி.எம். முடிந்ததும் நான் அதை மறந்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மஞ்சளை, இந்த வரியின் முடிவில் உள்ள முற்றுப்புள்ளியைவிடச் சிறிய ஒரு பெயின்ட் துணுக்கிலிருந்து வரவழைக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது. முதல் முறை வரவே இல்லை.

வேதியியல் பட்டப்படிப்பில் பத்து வாரத் தொழிற்பயிற்சி உண்டு. என் வகுப்புத் தோழர்கள் பலர் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களுக்கும் போனார்கள். எனக்குப் பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் ஒரு சிறிய தனியார் பட்டறையில் இடம் கிடைத்தது. அதை நடத்துபவர் ஒரு சீனப் பெண்மணி. நான் அவரை மிஸ் என்றுதான் அழைப்பேன். எங்கள் பேச்சு பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் நடக்கும். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தைக் கொண்டுவந்தார். இரண்டு அடி அகலம் இருக்கும். கடலோரம், இரண்டு பாய்மரக் கப்பல்கள், தூரத்தில் ஒரு குன்று, மேலே பெரிய வானம். வார்னிஷ் பழுத்துப் படம் முழுவதும் தேநீர் நிறத்தில் இருந்தது. அவருடைய அப்பா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பிப் போகும்போது, பங்களாவில் மாட்டியிருந்த இந்தப் படத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“இது டச்சுக்காரன் காலத்து மலாக்கான்னு துரை சொன்னாராம்மா. அப்பா அதைச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப ஒருத்தர் விலைக்குக் கேட்கிறாரு. டச்சுக் காலம்னா ஒரு விலை, இல்லைன்னா ஒரு விலைங்கிறாரு. எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்” என்றார் ஐயா.

டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தது 1641-இல். 1795-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இடையில் சில ஆண்டுகள் திரும்ப வந்தாலும், 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக்காரர்களின் உரிமை அங்கே முடிந்தது. ஆகவே கேள்வி எளிமையானது. இந்தப் படத்தில் உள்ள வண்ணங்கள் 1824-க்கு முன்பு இருந்தவைதானா?

யார் வரைந்தது என்று வண்ணம் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு வண்ணப் பொடியும் எப்போது கடைக்கு வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம். கண்டுபிடிக்கப்படாத வண்ணத்தை எந்த ஓவியரும் பூச முடியாது. ஹான் வான் மேகரன் என்ற டச்சு மோசடிக்காரர் 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் படங்கள் வரைந்து விற்று, 1945-இல் பிடிபட்டார். வெர்மீர் பயன்படுத்திய விலையுயர்ந்த நீலத்தையே அவரும் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். ஆனால் அவருடைய படங்களை ஆராய்ந்த குழு, ஒன்றில் கோபால்ட் நீலம் கலந்திருப்பதைக் கண்டது. கோபால்ட் நீலத்தைத் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உருவாக்கியது 1802-இல்தான். வெர்மீர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

எங்கள் படத்தில் பெரும்பகுதி வானம். வானத்தில் இருப்பது நீலமும் வெள்ளையும். மிஸ் என்னிடம் அந்த இரண்டையும் ஒப்படைத்தார்.

“பார்த்தா என்ன நீலம் மாதிரி இருக்கு?” என்றார்.

“அல்ட்ராமரின்” என்றேன், சற்றும் யோசிக்காமல். கொஞ்சம் ஊதா சாயல் தெரிந்தது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

“பழுத்த வார்னிஷ் வழியாப் பார்க்கிறே. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுத் துணிக்கடையில நிறம் தேர்ந்தெடுக்கிற மாதிரி.”

அவர் சொன்னது சரிதான். பழைய ஓவியங்களில் நீலத்துக்கு நான்கைந்து வேட்பாளர்கள் உண்டு. செப்புத் தாதுவை அரைத்து எடுத்த அசுரைட், சற்றே பச்சை கலந்தது. கோபால்ட் கலந்த கண்ணாடித் தூளான ஸ்மால்ட், நாளடைவில் சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்யன் நீலம், துளி சேர்த்தாலே வெள்ளையைச் சாயம்போல நிறமேற்றிவிடும். பிறகு அல்ட்ராமரின். வார்னிஷுக்கு அடியில் வெள்ளையோடு கலந்து கிடக்கும்போது இவை நான்குமே வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியக்கூடும்.

ஐயா மூன்று துணுக்குகள் எடுக்க அனுமதி தந்திருந்தார். மூன்றுதான். ஏற்கெனவே பெயின்ட் உதிர்ந்த இடத்தின் ஓரத்திலோ விரிசலின் விளிம்பிலோதான் எடுக்க வேண்டும் என்பது பட்டறையின் விதி. நல்ல இடத்தைப் புதிதாகக் காயப்படுத்தக் கூடாது. நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியின் நுனியால் மெல்லத் தள்ளினால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துணுக்கு கத்தி முனையில் ஒட்டிக்கொண்டு வரும். மூச்சை இழுத்துவிட்டால் போயிற்று. நான் வானத்தின் இடது மூலையில், உதிர்ந்த ஒரு பள்ளத்தின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

“விளக்குல பார்த்துட்டியா?” என்று மிஸ் வேறு வேலையில் இருந்தபடியே கேட்டார்.

“பார்த்துட்டேன் மிஸ்” என்றேன். நான் சொன்னது மேசை விளக்கை. அவர் கேட்டது அதை அல்ல. அது பின்னால்தான் தெரிந்தது.

துணுக்கை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நுண்துளியைப் பக்கத்தில் விட்டேன். படத்தில் இருப்பது பழங்கால வெள்ளை என்றால் அது ஈய வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுவரை ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களில் வேறு வெள்ளை பெரிதாக எடுபடவில்லை. சுருட்டிய ஈயத் தகடுகளை, அடியில் காடி ஊற்றிய மண்பானைகளில் வைத்து, குதிரைச் சாணத்துக்குள் வரிசை வரிசையாக அடுக்கி, அறையை மூடிவிடுவார்கள். சாணம் நொதித்துச் சூடும் கரியமில வாயுவும் தர, சில மாதங்களில் ஈயம் வெள்ளை மேலோடாக மாறிவிடும். அதை உடைத்துக் கழுவி அரைத்தால் ஈய வெள்ளை. வேதியியல்படி அது ஈயத்தின் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. கார்பனேட் என்றால் அமிலம் பட்டதும் குமிழி வர வேண்டும். இது நமக்குப் பள்ளியிலேயே தெரியும்.

குமிழி வரவில்லை. பழைய எண்ணெய்ப் படலம் துகள்களை மூடிக்கொண்டிருக்கும், அமிலம் உள்ளே போக நேரமாகும் என்று காத்திருந்தேன். இருபது நிமிடம். ஒன்றும் கரையவில்லை. நீலமும் அப்படியே இருந்தது. அல்ட்ராமரினாக இருந்தால் அமிலத்தில் நிறம் போயிருக்க வேண்டும். துளியை உலரவைத்து அயோடைடு விட்டேன். மஞ்சள் இல்லை.

குறிப்பேட்டில் ‘ஈய வெள்ளை இல்லை, அல்ட்ராமரின் இல்லை’ என்று எழுதினேன். அமிலத்துக்கு அசையாத வெள்ளை என்றால் டைட்டானியம் வெள்ளை. அது ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-ஐ ஒட்டித்தான். அப்படியானால் ஐயாவின் படம் துரையின் காலத்திலேயே புதிதாக வரையப்பட்டது. ஒரே துணுக்கில் கதை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மிஸ் குறிப்பைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் சன்னல் திரையை இழுத்து மூடினார். புற ஊதா விளக்கைப் போட்டார். படம் முழுவதும் மங்கிய பச்சையாக ஒளிர்ந்தது. பழைய பிசின் வார்னிஷ் அப்படித்தான் ஒளிரும். ஆனால் இடது மூலையில், நான் துணுக்கு எடுத்த இடத்தைச் சுற்றி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கரும்திட்டு. வார்னிஷுக்கு மேலே பின்னால் யாரோ பூசிய ஒட்டு. பகல் வெளிச்சத்தில் அதன் நிறம் சுற்றியுள்ள வானத்தோடு நன்றாகவே பொருந்தியிருந்தது.

“நீ படத்தைச் சோதிக்கலை. ரிப்பேரைச் சோதிச்சிருக்கே” என்றார் மிஸ்.

கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றில் ஒரு துணுக்கு போய்விட்டது. அதைவிட, அந்தக் குறிப்பு அப்படியே அறிக்கையாகப் போயிருந்தால், ஐயா தன் படத்தை ஒரு பொய்யான காரணத்துக்காக மலிவாகக் கொடுத்திருப்பார். வேதியியல் முடிவு சரிதான். ஒட்டில் இருந்தது டைட்டானியம் வெள்ளைதான். தவறு, அமிலத் துளி விழுவதற்கு முன்பே நடந்துவிட்டது.

இரண்டாவது துணுக்கை வானத்தின் நடுவில், நன்றாக ஒளிர்ந்த ஒரு பகுதியில், விரிசலின் விளிம்பிலிருந்து எடுத்தோம். இம்முறை எடுத்தவர் மிஸ். நான் விளக்கைப் பிடித்தேன். அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அமிலத்துக்கும் மறு பாதியை நுண்ணோக்கிக்கும் வைத்தோம்.

அமிலம் விட்ட சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து சிறு குமிழிகள் கிளம்பின. வெள்ளை கரைந்தது. அதோடு நான் எதிர்பார்க்காத வேகத்தில் நீலமும் மங்கி, கடைசியில் நிறமற்ற கஞ்சிபோல் ஏதோ மிஞ்சியது. அல்ட்ராமரின் நிறத்தைத் தருவது அதன் படிகக் கூட்டுக்குள் சிறைப்பட்டிருக்கும் கந்தகம். அமிலம் அந்தக் கூட்டை உடைக்கும்போது நிறம் போய், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். ஊசிமுனைத் துணுக்கிலிருந்து வரும் வாயு மூக்குக்கு எட்டாது. கண் முன்னால் நீலம் மறைவதுதான் அடையாளம். அசுரைட்டாக இருந்தால் அதுவும் குமிழி விட்டுக் கரையும். ஆனால் கரைசல் செம்பின் நிறத்தைக் காட்டும். பிரஷ்யன் நீலமும் ஸ்மால்ட்டும் நீர்த்த அமிலத்துக்கு இப்படிச் சட்டென்று நிறம் இழக்காது.

அடுத்தது அயோடைடு. இங்கே ஒரு சறுக்கல் உண்டு. மிஸ் முன்கூட்டியே எச்சரித்தார். நைட்ரிக் அமிலம் மிச்சம் இருந்தால் அது அயோடைடையே ஆக்சிகரணம் செய்து அயோடினாக மாற்றிவிடும். அயோடினும் மஞ்சள் பழுப்பாகத்தான் தெரியும். ஈயமே இல்லாமல் ஈயம் இருக்கிறது என்று எழுதிவிடலாம். ஆகவே துளியை மிதமான சூட்டில் முழுக்க உலரவிட்டு, ஒரு சொட்டு நீர் விட்டு, பிறகுதான் அயோடைடு. வந்த மஞ்சளையும் சும்மா நம்பவில்லை. தட்டை இளஞ்சூடாக்கினோம். மஞ்சள் கரைந்து மறைந்தது. ஆறவிட்டோம். நுண்ணோக்கியில் ஆறு மூலைகள் கொண்ட பொன்னிறத் தகடுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. அயோடின் அப்படிப் படிகமாகாது. பள்ளியில் சோதனைக் குழாயைச் சூடாக்கி ஆறவைத்து நாம் பார்த்த அதே தங்கத் தூறல்தான், ஒரு சொட்டுக்குள்.

ஈய வெள்ளை இருக்கிறது. அல்ட்ராமரினும் இருக்கிறது. நான் முதல் நாள் யோசிக்காமல் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அல்ட்ராமரின் என்றால் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல். அதை அரைத்து, மெழுகும் பிசினும் சேர்த்த உருண்டையில் பிசைந்து, காரநீருக்குள் அழுத்தி அழுத்தி நீலத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பக்குவத்தை 1400-ஐ ஒட்டி வாழ்ந்த செனினோ செனினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் மிக விலையுயர்ந்த வண்ணங்களில் ஒன்று. ஐயாவுக்கு உடனே போன் செய்யலாமா என்று கேட்டேன்.

“மறு பாதியைப் பார்த்துட்டுப் போன் பண்ணு” என்றார் மிஸ்.

மறு பாதியை நுணுக்கி, ஒளிவிலகல் எண் 1.66 கொண்ட ஒரு பிசினில் பதித்துக் கண்ணாடித் தட்டில் மூடினோம். இதை ஏன் செய்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கண்ணாடிக் குச்சியைச் சமையல் எண்ணெயில் விட்டுப் பாருங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் நெருங்கியிருப்பதால் குச்சி கிட்டத்தட்ட மறைந்துவிடும். எண்கள் விலக விலக விளிம்பு அழுத்தமாகத் தெரியும். அல்ட்ராமரினின் எண் ஏறக்குறைய 1.50, பிசினைவிடக் குறைவு. ஈய வெள்ளையின் எண் 2-ஐ ஒட்டியது, மிக அதிகம். நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்று விலக்கும்போது துகளைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளிக்கோடு எப்போதும் எண் அதிகமுள்ள பக்கத்துக்கே நகரும். வெள்ளைத் துகள்களில் கோடு உள்ளே போனது. நீலத் துகள்களில் வெளியே வந்தது. அசுரைட்டின் எண் பிசினைவிட அதிகம். அதில் கோடு உள்ளேதான் போயிருக்கும்.

பிறகு ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்திய இரண்டு போலரைசர் வடிகட்டிகளுக்கு இடையில் தட்டை வைத்தோம். திரை இருண்டது. ஈய வெள்ளைத் துகள்கள் விண்மீன்கள்போல் மின்னின. நீலத் துகள்கள் அந்த இருட்டில் காணாமல் போயின. அல்ட்ராமரின் எந்தத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரி நடத்தும் படிகம், ஆகவே இந்த இருட்டைக் கலைக்காது. அசுரைட் இங்கேயும் மின்னியிருக்கும்.

“இப்ப வடிகட்டியை எடுத்துட்டு வடிவத்தைப் பாரு” என்றார் மிஸ். பக்கத்தில் இன்னொரு தட்டையும் வைத்தார். அது பட்டறையில் மாதிரிக்கு வைத்திருக்கும், நீலக்கல்லிலிருந்து அரைத்த உண்மையான அல்ட்ராமரின்.

மாதிரித் தட்டில் துகள்கள் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல இருந்தன. பெரிதும் சிறிதுமாக, கூரிய முனைகளோடு. நீலத்துக்கு நடுவே நிறமற்ற கால்சைட்டும் மற்றக் கனிமத் துண்டுகளும் கலந்து கிடந்தன. என்னதான் பிசைந்து பிரித்தாலும் கல்லின் மிச்சம் கூடவே வந்துவிடும். எங்கள் தட்டில் அந்த ஒழுங்கின்மை இல்லை. துகள்கள் பொடிப்பொடியாக, ஒரே அளவில், முனை மழுங்கி உருண்டு இருந்தன. அத்தனையும் நீலம். கல்லின் துண்டு ஒன்றுகூட இல்லை.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அது கல்லிலிருந்து வந்த நீலம் அல்ல, உலையிலிருந்து வந்தது.

1824-இல் பிரான்சில் ஒரு தொழில் ஊக்குவிப்புச் சங்கம், செயற்கை அல்ட்ராமரினை மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதை வென்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டு எடுப்பது. கல்லில் இருக்கும் அதே நீலம்தான், அதே கந்தகம்தான், அமிலத்தில் அதேபோலத்தான் மறையும். நிறத்தாலும் அமிலத்தாலும் இரண்டையும் பிரிக்கவே முடியாது. துகளின் வடிவமும் கூட வரும் அழுக்கும்தான் காட்டிக்கொடுக்கும். அது எவ்வளவு மலிவானது என்றால், நம் பாட்டிமார்கள் வெள்ளை வேட்டிக்கும் பள்ளிச் சட்டைக்கும் அலசும் நீரில் முடிந்து போட்ட நீலக்கட்டியும் இந்தச் செயற்கை அல்ட்ராமரின்தான். செனினியின் விலையுயர்ந்த நீலம் சலவைக்கு வந்துவிட்டது.

ஆனாலும் மிஸ் முடிவு எழுத விடவில்லை. எனக்கும் இம்முறை அவசரம் இல்லை. இரண்டு சந்தேகங்கள் பாக்கி இருந்தன. ஒன்று, மிக நைசாக அரைத்த நல்ல நீலக்கல்லும் நுண்ணோக்கியில் பொடியாகத் தெரியக்கூடும். பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வந்த கையடக்க எக்ஸ்-கதிர் கருவியை வானத்தில் வைத்துப் பார்த்தோம். ஈயம் பலமாகத் தெரிந்தது. செம்பும் கோபால்ட்டும் இல்லை. ஆனால் அல்ட்ராமரினை அந்தக் கருவி நேராகக் காட்டாது. சோடியம், அலுமினியம், சிலிக்கான் போன்ற எடை குறைந்த தனிமங்களின் கதிர்கள் காற்றைத் தாண்டி வருவதே சிரமம். கந்தகத்தின் உச்சமோ ஈயத்தின் உச்சத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மற்ற நீலங்களைக் கழித்துக்கட்டத்தான் அது உதவியது. இரண்டாவது சந்தேகம் இன்னும் பெரியது. மூலையில் ஒட்டுப் போட்டவர்கள் போல, வேறு யாராவது பழைய வானம் முழுவதையும் 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் பூசியிருந்தால்?

மூன்றாவது துணுக்கு இதற்காக. வலது பக்கம், குன்றுக்கு மேலே எடுத்தோம். அதைத் தெளிந்த பிசினில் நிறுத்திவைத்து, இறுகியதும் பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றினால், அடுக்குகள் லாப்பிஸ் கேக் வெட்டியதுபோல் தெரியும். அடியில் வெளிர்நிறத் தளப்பூச்சு. அதன் மேல் நேராக, நீலத் துகள்கள் தூவிய வெள்ளை அடுக்கு. அதற்கு மேல் மஞ்சளான வார்னிஷ். தளத்துக்கும் நீலத்துக்கும் இடையில் வேறு வானம் இல்லை, பழைய வார்னிஷ் இல்லை, அழுக்குக் கோடும் இல்லை. ஒரு விரிசல் மேலிருந்து தளம்வரை நீலத்தின் ஊடாகவே ஓடியிருந்தது. பின்னால் பூசியிருந்தால் பெயின்ட் அந்த விரிசலுக்குள் வழிந்திருக்கும். அதே துணுக்கைப் பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதும் சீரான பொடித் துகள்களே தெரிந்தன. நீலக்கல்லோடு வர வேண்டிய கனிமங்கள் அங்கேயும் இல்லை.

அறிக்கையில் மிஸ் எழுதிய வாக்கியம் குறுகியது. சோதித்த இடங்களில் வானத்தின் மூலப்பூச்சு ஈய வெள்ளையும் செயற்கை அல்ட்ராமரினும் கலந்தது, ஆகவே படம் 1820-களின் பிற்பகுதிக்கு முன்பு வரையப்பட்டிருக்க முடியாது. ஈய வெள்ளை இருப்பது பழமைக்குச் சான்று அல்ல என்றும் சேர்த்தார். அது 20-ஆம் நூற்றாண்டிலும் குழாய்களில் விற்கப்பட்டது. இது மலாக்காதானா, யார் வரைந்தது என்பதற்கு அந்த அறிக்கையில் பதில் கிடையாது.

ஐயா வந்தபோது அவரிடம் சொல்லும் பொறுப்பை மிஸ் எனக்குக் கொடுத்தார், தமிழில் சொல்ல வேண்டும் என்பதால். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப துரை பொய் சொன்னாரா?”

“தெரியலைங்க ஐயா. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லி வித்திருக்கலாம். டச்சுக் கப்பலைப் பின்னால வந்தவங்க வரைஞ்சிருக்கலாம். பெயின்ட் மட்டும் 1824-க்குப் பிறகுதான்.”

அவர் நீலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு, நுண்ணோக்கியை அவர் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். சலவை நீலம் என்று நான் சொன்னதும் சிரித்தார். “பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டுட்டுப் போன சட்டையெல்லாம் இதுதானா” என்றார்.

பிறகு பழுதுபார்ப்பு பற்றிப் பேசினோம். அல்ட்ராமரின் என்று தெரிந்துவிட்டதால், வானத்தின் மேல் அமிலத்தன்மையுள்ள எந்தக் கரைசலையும் வைக்கப்போவதில்லை. வார்னிஷை மட்டும் கரைப்பானால் மெல்ல எடுப்போம். ஈய வெள்ளை இருப்பதால் பஞ்சையும் துடைத்த துணியையும் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மூலையில் உள்ள ஒட்டு வார்னிஷுக்கு மேல் இருப்பதால் அதோடு சேர்ந்து போய்விடும். அதற்கு அடியில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, புதிதாக நிரப்புவோம் என்று மிஸ் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன்.

“எந்த மூலை?” என்று கேட்டார் ஐயா.

புற ஊதா விளக்கைப் போட்டுக் காட்டினேன். பச்சை ஒளிர்வுக்குள் அந்தக் கரும்திட்டு தெரிந்தது. வேண்டுமென்றே தூரிகையால் தட்டித் தட்டி, வானத்தின் நிறத்துக்குப் பொருத்திய அடையாளம் அதன் ஓரங்களில் இருந்தது.

“வீடு மாறும்போது அந்த இடத்துல ஆணி குத்திடுச்சு” என்றார். “அப்பாதான் சரி பண்ணினாரு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பெயர்ப்பலகை எழுதறவர்கிட்ட பெயின்ட் வாங்கிட்டு வந்து, ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கலந்தாரு. நிறம் வரலை வரலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

நான் மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். அவர் விளக்கை அணைத்துத் திரையை விலக்கினார். பகல் வெளிச்சத்தில் மூலை மீண்டும் வானத்தோடு வானமாக இருந்தது.

“அதை அப்படியே விட்டுட்டு மீதியைச் சுத்தம் பண்ண முடியுமான்னு கேளும்மா” என்றார் ஐயா.

முடியும், ஆனால் சுற்றியுள்ள வார்னிஷ் போனதும் நிறம் பொருந்தாது, அந்த மூலை மட்டும் பழுப்பாகத் தனித்துத் தெரியும் என்றார் மிஸ். ஐயா யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். அவர் பதில் சொல்வதற்குள் என் பத்து வாரம் முடிந்துவிட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது, படம் மேசையில் மல்லாந்து கிடந்தது. வலது ஓரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு மட்டும் வார்னிஷ் எடுக்கப்பட்டு, அந்தச் சதுரத்துக்குள் வானம் நன்றாக நீலமாக இருந்தது.